இலைக் கணக்கும் பங்குக் கணக்கும்

செங்கல்பட்டுப் பக்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை போய் நின்றால், வரவேற்பு மேடைக்குப் போகிற வழியில் இரண்டு மேசைகளைப் பார்க்கலாம். ஒன்று பெண் வீட்டு மொய், மற்றது மாப்பிள்ளை வீட்டு மொய். இரண்டிலும் மூலைகளில் மஞ்சள் தடவிய நோட்டு, பிள்ளையார் சுழி, தாய்மாமன் பெயரில் முதல் வரி. பெயர், தகப்பனார் பெயர், ஊர், தொகை என்று நான்கையும் எழுதுகிறார்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் தெருப் பெயரும் சேரும். பத்து வருடம் கழித்து அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது திருப்பி எழுத வேண்டிய கடன் அது. அதனால் ஐம்பது ரூபாய்கூடத் தவறுவதில்லை.

என் சித்தப்பா மகள் கல்யாணத்தில் அந்த மேசையில் உட்கார்ந்து எழுதியவன் நான். மறுநாள் மத்தியானம் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது மண்டப மேலாளர் ஒரு சீட்டைக் கொண்டு வந்தார். உள்ளே வந்தபோது எடுத்த மீட்டர் ரீடிங், வெளியே போகும்போது எடுத்த ரீடிங், ஜெனரேட்டர் ஓடிய மணிக்கணக்கு, துப்புரவு, கூடுதல் கேஸ் சிலிண்டர் எல்லாம் சேர்த்து இருபத்து மூன்றாயிரம் ரூபாய். வாடகை பாதிப் பாதி என்று பேசியிருந்தார்கள். இந்தச் சீட்டைப் பற்றி யாரும் பேசியிருக்கவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா சற்றுத் தள்ளி நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். சித்தப்பா இரண்டு நிமிடம் காத்திருந்துவிட்டு மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்த வீட்டில் இன்றைக்கும் அந்த இருபத்து மூன்றாயிரம் செத்துப்போகவில்லை. வளைகாப்பிலும் வந்தது, பிள்ளைக்குக் காது குத்தும்போதும் வந்தது.

வருகிற பணத்துக்கு இரண்டு நோட்டு போடுகிற நாம், போகிற பணத்துக்கு ஒரு நோட்டுக்கூடப் போடுவதில்லை. கல்யாணச் செலவில் வருகிற மனக்கசப்பைப் பற்றி நான் கேட்டறிந்த கதைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

யார் செலவு செய்வது என்ற வழக்கம் எல்லா ஊரிலும் ஒன்றாக இருந்ததில்லை. தொண்டை மண்டலத்துப் பல சமூகங்களில் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில்தான் நடந்தது. பரிசம் போட்டுப் பெண்ணை அழைத்து வந்து, தங்கள் வாசலில் பந்தல் போட்டு, தங்கள் செலவில் ஊருக்குச் சோறு போட்டார்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்தில் இன்றும் ‘எங்க பக்கம் மாப்பிள்ளை வீட்டுக் கல்யாணம்’ என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தமிழகத்தின் வேறு பகுதிகளிலும், வேறு சில சமூகங்களிலும் பெண் வீட்டு வாசலில் பந்தல் போட்டார்கள், பெண் வீட்டார் செலவு செய்தார்கள். எந்த முறையானாலும் ஒரு தெளிவு இருந்தது. பந்தல் எந்த வாசலிலோ, அடுப்பும் அந்த வீட்டுடையது.

இருபதாம் நூற்றாண்டில் இரண்டு மாற்றங்கள் வந்தன. பரிசம் சுருங்கி வரதட்சணை வளர்ந்தது. மாப்பிள்ளைக்குப் படிப்பும் மாதச் சம்பளமும் வந்தபோது பணம் போகிற திசையே மாறியதை மானிடவியலாளர் எம்.என்.சீனிவாஸ் எழுதியிருக்கிறார். திருச்சி வட்டாரக் கிராமம் ஒன்றில் இது எப்படி நடந்தது என்பதைக் கரின் கபாடியா 1995இல் வெளிவந்த தன் நூலில் விவரித்தார். மற்ற மாற்றத்தைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. கல்யாணம் வாசலை விட்டு மண்டபத்துக்குப் போனது. மண்டபம் இரண்டு வீட்டுக்கும் சொந்தமில்லாத இடம். வாசல் போனதோடு, வாசல் சொல்லிக்கொடுத்த தெளிவும் போயிற்று. அதனால் இன்றைக்கு ஒரே கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் தங்கள் வசதிக்கு ஒரு வழக்கத்தையும் பெண் வீட்டார் வேறொரு வழக்கத்தையும் ‘முறை’ என்று காட்ட முடிகிறது. இரண்டு பேரும் பொய் சொல்வதில்லை. இரண்டு முறையும் இருந்தவைதான்.

பெண் வீட்டார் தலையில் செலவு விழுவதற்குப் பின்னால் சொல்லாத ஒரு நியாயமும் இருந்தது. மகனுக்கு நிலம், மகளுக்குக் கல்யாணம். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குப் பங்கில்லாத காலத்தில், நகையும் சீரும் விருந்தும்தான் அவள் பிறந்த வீட்டிலிருந்து எடுத்துப்போவதாகக் கருதப்பட்டன. சட்டமும் இதற்கு இடம் கொடுத்தது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், மணமாகாத மகளின் ஜீவனாம்சத்துக்குள் அவளுடைய கல்யாணத்துக்கான நியாயமான செலவையும் சேர்த்துச் சொல்கிறது. மகனின் கல்யாணச் செலவைப் பற்றி அந்த இடத்தில் பேச்சே இல்லை.

இந்த நியாயத்தை முதலில் உரக்கக் கேள்வி கேட்ட இடங்களில் ஒன்று செங்கல்பட்டு. 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் இங்கே முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. ஊ.பு.அ.சௌந்திரபாண்டியன் தலைமை வகித்தார். சொத்தில் பெண்களுக்கு ஆண்களோடு சம உரிமை வேண்டும் என்ற தீர்மானம் அந்த மாநாட்டில் நிறைவேறியது. அறுபது வருடம் கழித்து, 1989இல் தமிழக அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் பங்கு உண்டு என்றது. அப்போது செங்கல்பட்டுத் தீர்மானத்தைப் பலரும் நினைவுகூர்ந்தார்கள்.

அந்த 1989 திருத்தத்தில் ஒரு வரி இருக்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்த மார்ச் 25ஆம் தேதிக்கு முன்பே கல்யாணமான மகள்களுக்கு இது பொருந்தாது. அந்த விலக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். முற்போக்கான அந்தச் சட்டம்கூட, கல்யாணம் ஆகிவிட்டால் மகளின் கணக்கு முடிந்தது என்ற பழைய எண்ணத்தை முழுக்க உதறவில்லை. 2005 செப்டம்பர் 9இல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தத்தில் கல்யாணமானவள், ஆகாதவள் என்ற பேதமே இல்லை. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆக, கல்யாணச் செலவுதான் மகளின் பங்கு என்ற வாதத்தின் அடிப்படை போய்விட்டது. வழக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பெண்ணைப் பெற்றவர் விருந்துச் செலவு முழுவதையும் ஏற்க வேண்டும் என்று கேட்பவர்கள், அது எதற்கு ஈடாக என்று இன்று சொல்ல முடியாது.

சரி, பின்னே எப்படித்தான் பிரிப்பது? முதலில் எதைப் பிரிக்கக் கூடாது என்று பார்த்துவிட வேண்டும். பேச்சு நடக்கும்போது நகை, கட்டில், பீரோ, மண்டபம், சமையல், மாப்பிள்ளைக்கு மோதிரம், புகைப்படக்காரர் எல்லாம் ஒரே மூச்சில் வந்து விழுகின்றன. ‘நாங்க நாப்பது பவுன் போடறோம், மண்டபத்தை நீங்க பார்த்துக்குங்க’ என்று பெண் வீட்டார் சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. உண்மையில் இதுதான் மிகப் பெரிய குழப்பம். நாற்பது பவுன் மகளுடைய சொத்து. அது மாப்பிள்ளை வீட்டுக்கு வரவு ஆகாது. ஸ்ரீதனம் கல்யாணத்துக்குப் பிறகும் மனைவிக்கே உரியது என்று பிரதிபா ராணி வழக்கில் 1985இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மகளின் நகையைக் காட்டி மண்டப வாடகையைக் கழிக்கும்போது, அந்த நகை மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுத்த விலையாகப் பேச்சிலேயே மாறிவிடுகிறது. பிறகு அவர்கள் அதை அடகு வைக்கக் கேட்டால் மறுக்க வாய் வருவதில்லை.

அதனால் மகளுக்குக் கொடுப்பது முற்றிலும் தனிக் கணக்கு. அதற்குச் சட்டம் ஒரு தாளையே சொல்லிவைத்திருக்கிறது. வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985இல் வந்த விதிகளின்படி, கேட்காமல் கொடுத்த அன்பளிப்புகளை மணப்பெண் ஒரு பட்டியலிலும் மணமகன் ஒரு பட்டியலிலும் எழுதிவைக்க வேண்டும். பொருள் என்ன, ஏறத்தாழ என்ன மதிப்பு, கொடுத்தவர் யார், அவர் என்ன உறவு என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்திட வேண்டும். மொய் நோட்டை அவ்வளவு கவனமாக எழுதுகிற கைகளுக்கு இது பெரிய வேலையில்லை. ஆனாலும் இந்தப் பட்டியலை எழுதிவைத்த கல்யாணத்தை நான் நேரில் இதுவரை பார்த்ததில்லை.

அடுத்து, முறைப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் உரியவை. தாலியும் கூறைப் புடவையும் மாப்பிள்ளை வீடு, மாப்பிள்ளையின் உடை பெண் வீடு, அவரவர் உறவுக்கு எடுக்கும் துணிமணி அவரவர் செலவு. இவற்றில் சண்டை குறைவு, ஏனென்றால் முறை தெளிவாக இருக்கிறது. இவற்றையும் பொதுக் கணக்கில் போட வேண்டாம்.

மிஞ்சுவது மண்டபம், சமையல், மேடை, மேளம், புகைப்படம். பிரிக்க வேண்டியவை இவைதான். இங்கே ‘பாதிப் பாதி’ என்றால் நியாயம் முடிந்துவிட்டதாக நாம் நினைக்கிறோம். கணக்குக்காக ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். பெண் திருக்கழுக்குன்றம், பையன் செங்கல்பட்டு. பெண் வீட்டார் அழைப்பது 300 பேர், பையன் வீட்டார் அழைப்பது 600 பேர். முதல் நாள் இரவு வரவேற்பு விருந்துக்கு எல்லோரும் வருகிறார்கள், இலைக்கு 400 ரூபாய். மறுநாள் முகூர்த்தத்துக்கு இரண்டு பக்கமும் நெருங்கிய உறவு தலா 150 பேர், காலை டிபனும் மதியச் சாப்பாடும் சேர்த்து ஆளுக்கு 350 ரூபாய். விலைகள் ஊருக்கு ஊர் மாறும். கணக்கின் போக்கைத்தான் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டில் பெண் வீட்டு விருந்தினருக்கு ஆவது 1,72,500 ரூபாய். பையன் வீட்டு விருந்தினருக்கு 2,92,500. மண்டபம் வரி உட்பட 1,40,000. மேளம், ஐயர் தட்சிணை, சாதாரண மேடை அலங்காரம், புகைப்படம் எல்லாம் சேர்த்து 1,20,000. பையன் வீட்டார் மெல்லிசைக் கச்சேரியும் பெரிய எல்இடி திரையும் வேண்டுமென்கிறார்கள், 70,000. பெண்ணின் அம்மா மேடைக்கு அசல் பூவிலேயே அலங்காரம் வேண்டுமென்கிறார், கூடுதலாக 25,000. மொத்தம் 8,20,000. பாதி என்றால் ஆளுக்கு 4,10,000.

இப்போது ஒரு கேள்வி. பெண் வீட்டார் தங்கள் 300 பேரை மட்டும் வைத்துத் தனியாக இதே கல்யாணத்தை நடத்தியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும்? சாப்பாடு அதே 1,72,500. முந்நூறு பேருக்குச் சின்ன மண்டபம் போதும், 60,000 என்று வைப்போம். மேளம், மேடை, புகைப்படம் 1,20,000. பூ 25,000. கூட்டினால் 3,77,500. அதாவது பாதிப் பாதி என்று ஒப்புக்கொண்ட பெண் வீட்டார், தனியாகச் செய்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவைவிட 32,500 ரூபாய் அதிகமாகக் கொடுக்கிறார்கள். இன்னொரு வீட்டாரின் அழைப்பிதழ்ப் பட்டியலுக்கு இவர்கள் பணம் கட்டுகிறார்கள். வாயால் சொல்லத் தெரியாவிட்டாலும் பெண்ணைப் பெற்றவர் மனம் உறுத்துவது இதனால்தான்.

பொருளியலில் இதே சிக்கலுக்கு ‘விமான நிலையக் கணக்கு’ என்று ஒரு பெயர் உண்டு. சின்ன விமானத்துக்குக் குட்டையான ஓடுபாதை போதும், பெரிய விமானத்துக்கு நீளமானது வேண்டும். பாதையோ ஒன்றுதான். யாரிடம் எவ்வளவு வாங்குவது? லிட்டில்சைல்டும் ஓவனும் 1973இல் எழுதிய கட்டுரை எளிய விடை தந்தது. சின்ன விமானத்துக்குத் தேவையான நீளம் வரைக்கும் ஆகும் செலவை எல்லோரும் சமமாகப் பகிரட்டும். அதற்கு மேல் நீளும் பகுதியை, அந்த நீளம் யாருக்குத் தேவையோ அவர்கள் மட்டும் பகிரட்டும். இந்த விடை 1953இல் லாயிட் ஷேப்லி வகுத்த பங்கீட்டு முறையோடு அப்படியே பொருந்தியது. அதே ஷேப்லிதான் 1962இல் டேவிட் கேலுடன் சேர்ந்து, பிரியாமல் நிலைக்கும் ஜோடிகளைச் சேர்ப்பது எப்படி என்று கணிதத்தில் எழுதியவர்.

நம் மண்டபத்துக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். இரவு விருந்துக்குக் கூட்டம் ஆறரை மணியிலிருந்து பத்து மணி வரை விட்டு விட்டு வருகிறது. பையன் வீட்டு 600 பேருக்கு எடுத்த மண்டபத்திலேயே பெண் வீட்டு 300 பேரும் கூடுதலாக ஓரிரு பந்தியில் சாப்பிட்டுவிடலாம், வாடகை ஏறாது. எனவே முதல் 60,000 இரண்டு பேருக்கும் பொது, ஆளுக்கு 30,000. மிச்சமுள்ள 80,000 பெரிய மண்டபம் தேவைப்பட்ட பையன் வீட்டுடையது. மேளமும் மேடையும் இரண்டு பேருக்கும் சமமாகத் தேவை, ஆளுக்கு 60,000. சாப்பாடு அவரவர் இலைக் கணக்கு. கச்சேரி கேட்டவருக்கு, பூ கேட்டவருக்கு. பெண் வீட்டுப் பங்கு 2,87,500 ரூபாய், பையன் வீட்டுப் பங்கு 5,32,500.

பையன் வீட்டாருக்கு இது அநியாயமாகத் தோன்றலாம். அவர்களுக்கும் அதே கேள்வியைக் கேளுங்கள். தனியாகச் செய்திருந்தால் 6,22,500 ஆகியிருக்கும். சேர்ந்து செய்ததால் அவர்களுக்கு மிச்சம் 90,000. பெண் வீட்டாரும் 3,77,500 கொடுக்க வேண்டிய இடத்தில் 2,87,500 கொடுக்கிறார்கள். அவர்களுக்கும் மிச்சம் 90,000. செலவில் ஏற்றத்தாழ்வு இருக்கிறது, ஆனால் சேர்ந்ததால் கிடைத்த லாபம் ஒரு ரூபாய்கூட வித்தியாசமில்லாமல் இரண்டு வீட்டுக்கும் சமம். இரண்டு குடும்பங்கள் சம்பந்தி ஆகிறபோது சமமாக இருக்க வேண்டியது இந்த மிச்சம்தான் என்பது என் உறுதியான எண்ணம். செலவைச் சமமாக்கப் பார்க்கும்போதுதான் சின்னக் குடும்பம் பெரிய குடும்பத்தைச் சுமக்கிறது.

இந்த முறைக்கு மொய்யும் அழகாகப் பொருந்துகிறது. மொய் வரவு போலத் தெரிந்தாலும் அது பின்னால் திருப்பிச் செய்ய வேண்டிய கடன், அதனால் எழுதினவர் யாருடைய உறவோ அந்த வீட்டோடுதான் அது இருக்க வேண்டும். பெண் வீட்டார் செலவு முழுவதையும் ஏற்றிருக்க, மாப்பிள்ளை வீட்டு மேசையில் நோட்டு நிறைவது எவ்வளவு கசக்கும் என்பதைப் பார்த்திருக்கிறேன். தன் விருந்தாளிக்குத் தான் சோறு போட்டு, தன் விருந்தாளியின் மொய்யைத் தான் வாங்குகிற முறையில் அந்தக் கசப்புக்கு இடமே இல்லை.

நடைமுறையில் இது எங்கே சறுக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் சறுக்கல் இலை எண்ணிக்கை. பந்தி முடிந்ததும் சமையல்காரர் ‘தொள்ளாயிரத்து அறுபது இலை விழுந்திருக்கு’ என்பார். அறுபது யாருடையது? பந்தியில் உட்கார்ந்தவர் நெற்றியில் எழுதியிருக்காது. எனவே சாப்பிட்ட இலையை வைத்துப் பிரிக்கப் பார்த்தால் சண்டைதான் மிஞ்சும். பத்திரிகை அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன் இரண்டு வீட்டாரும் தங்கள் எண்ணிக்கையைச் சொல்லி எழுதிவிட வேண்டும். சமையல்காரரிடம் உறுதி சொல்கிற குறைந்தபட்ச இலையும் அந்த எண்ணிக்கைதான். 600 சொன்னவர் வீட்டில் 450 பேர் வந்தாலும் அவர் கணக்கு 600. ஏறினால், ஏறிய இலை எழுதிய விகிதப்படியே பிரியும். நம் உதாரணத்தில் அந்த அறுபதில் இருபது பெண் வீடு, நாற்பது பையன் வீடு. மறுநாள் இரண்டு மொய் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த வீட்டு எண்ணிக்கை வெகு தூரம் பிசகியது என்பது ஓரளவு தெரிந்துவிடும். தெரிந்தாலும் அப்போது பேச வேண்டாம். எழுதியது எழுதியதுதான் என்ற நிம்மதிக்காகத்தானே எழுதுகிறோம்.

இரண்டாவது, என் சித்தப்பாவை வாட்டிய வால் செலவுகள். வாடகை என்று சொல்கிற தொகையில் பதினெட்டு சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று முன்பணம் கொடுக்கும்போதே கேட்க வேண்டும். மின்சாரம், ஜெனரேட்டர், துப்புரவு, சிலிண்டர், பாத்திர உடைசல், வேலையாட்களுக்குக் கொடுக்கும் இனாம் ஆகியவை கடைசி நாளில்தான் தலை காட்டும். இவற்றுக்கு இரண்டு வீட்டாரும் இலை விகிதப்படி ஒரு தொகையை முன்கூட்டியே எடுத்து, இரண்டு பக்கத்துக்கும் வேண்டிய ஒருவரிடம் கொடுத்து வைப்பது நல்லது. மிஞ்சினால் அதே விகிதத்தில் திரும்பி வரும். மண்டப வாசலில் யார் பையில் கைவிடுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற அந்த இரண்டு நிமிடம் இல்லாமல் போகும்.

மூன்றாவது சறுக்கலைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பார்க்கலாம். கோவளம் தாண்டி மாமல்லபுரம் வரை கடலோர விடுதிகளில் கல்யாணம் நடத்துவது கொஞ்ச வருடமாகப் பெருகியிருக்கிறது. இங்கே கணக்கின் அலகே மாறிவிடுகிறது. இலைக்குப் பதில் அறை. இத்தனை அறைகளை இரண்டு இரவுக்கு எடுத்தால்தான் புல்வெளியைத் தருவோம் என்கிறார்கள். சாப்பாடு தட்டுக் கணக்கில் ஏறுகிறது, வெளிச் சமையலுக்கு அனுமதி கிடைப்பதில்லை. ஒரு வீட்டார் கடலை விரும்புவார்கள், மற்ற வீட்டார் விருப்பம் கேட்கப்படாமலே பாதிக்குப் பொறுப்பாவார்கள். இங்கேயும் அதே அளவுகோல் உதவும். கடலை விரும்பாத வீட்டார் செங்கல்பட்டிலோ திருப்போரூரிலோ ஒரு மண்டபத்தில் தங்கள் பங்காக எவ்வளவு கொடுத்திருப்பார்கள்? அதற்கு மேல் ஒரு ரூபாயும் அவர்களிடம் கேட்கக் கூடாது. கடலுக்கு ஆகும் கூடுதல் செலவு கடலைக் கேட்டவருடையது. அப்படிச் செய்ய முடியாவிட்டால் கடலை விட்டுவிட வேண்டும்.

நான்காவதுதான் எல்லாவற்றையும்விடக் கெடுதலானது. அது ஒரு வாக்கியம். ‘நாங்க எதுவும் கேக்கல, உங்க பொண்ணுக்கு நீங்க பார்த்துச் செய்யுங்க.’ சொல்கிறவர் பெருந்தன்மையாகச் சொல்வதாகவே நினைக்கலாம். கேட்கிறவருக்கு அது எல்லை இல்லாத ஒரு கேள்வி. எவ்வளவு செய்தால் போதும் என்று தெரியாததால் அக்கம்பக்கம் செய்ததைவிட ஒரு படி மேலே போகப் பார்ப்பார். கர்நாடகக் கிராமங்களில் பிளாக், ராவ், தேசாய் மூவரும் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வு, கல்யாண ஆடம்பரத்தின் ஒரு பகுதி, தாங்கள் எவ்வளவு நல்ல சம்பந்தம் பிடித்திருக்கிறோம் என்று ஊருக்குக் காட்டவே செலவாகிறது என்கிறது. அந்த உந்துதல் ஏற்கெனவே இருக்கிற இடத்தில் எண் சொல்லாத வாக்கியம் எண்ணெய் ஊற்றுகிறது. உண்மையிலேயே எதுவும் வேண்டாம் என்றால், ‘நகை உங்கள் மகளுக்கும் உங்களுக்கும் உள்ள விஷயம், அதைப் பற்றி நாங்கள் பேச மாட்டோம். விருந்தில் எங்கள் பங்கு இவ்வளவு’ என்று எண்ணோடு சொல்ல வேண்டும்.

இந்த முறைக்கு ஒரு வரம்பும் உண்டு. இலைக் கணக்கு வசதியைப் பார்க்காது. பெண் வீட்டில் ஒருவர் சம்பாத்தியம், பையன் வீட்டில் நான்கு பேர் சம்பாத்தியம் என்றால் 2,87,500கூடப் பெண் வீட்டாருக்குக் கடனாகத்தான் முடியும். அப்போது கணக்கை மாற்றுவதைவிடக் கல்யாணத்தைச் சுருக்குவதே மரியாதை. கோயிலில் தாலி கட்டி, சின்ன மண்டபத்தில் ஒரு வேளை சாப்பாடு என்று பொதுச் செலவைச் சிறிய கைக்கு எட்டும் அளவில் வைத்துவிட்டு, பெரிய கை வேண்டுமானால் தன் ஊரில் தன் செலவில் தனி வரவேற்பு வைத்துக்கொள்ளட்டும். இந்து முறையில் தாலி கட்டினாலும், 1967ஆம் ஆண்டுத் திருத்தம் அங்கீகரித்த சுயமரியாதை முறையில் மாலை மாற்றினாலும், கல்யாணத்தைச் செல்லுபடியாக்க விருந்து தேவையில்லை. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும், அவ்வளவுதான். மணமக்கள் இருவரும் சம்பாதிக்கிறவர்களாக இருந்தால் பொதுச் செலவில் ஒரு பகுதியை அவர்களே சமமாக ஏற்பதும் இப்போது நடக்கிறது. 1989இல் ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்கு உதவ மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தொடங்கிய திட்டமே 2022இல் பெண்களின் உயர்கல்விக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமாக மாறிவிட்டது. தகப்பனார்கள் மட்டும் மாறாமல் இருக்க வேண்டியதில்லை.

கோவளத்துக்குத் தெற்கே திருவிடந்தையில் நித்திய கல்யாணப் பெருமாள் கோயில் இருக்கிறது. காலவ முனிவரின் 360 மகள்களையும் நாளுக்கு ஒருவராகப் பெருமாள் மணந்தார் என்பது தல புராணம். கல்யாணம் கூடிவராத பிள்ளைகள் மாலை வாங்கிக்கொண்டு போய்ப் பூஜை செய்து, பிரசாதமாகத் தரும் மாலையை அணிந்து ஒன்பது முறை பிராகாரத்தைச் சுற்றுகிறார்கள். அந்த மாலையை வீட்டில் பத்திரப்படுத்தி, கல்யாணமானதும் ஜோடியாக வந்து திருப்பிச் செலுத்துகிறார்கள். காய்ந்து சருகான மாலையைப் பையில் வைத்துக்கொண்டு புதுத் தாலியோடு நிற்கிற பெண்களை அங்கே பார்க்கலாம். அவர்களில் எத்தனை பேர் பிறந்த வீட்டுக் கடனோடு வந்து நிற்கிறார்கள் என்று எனக்குத் தோன்றாமல் இருந்ததில்லை.

ஒப்புத் தாம்பூலம் மாற்றுகிற நாளில் லக்னப் பத்திரிகை எழுதிப் பெரியவர்கள் முன்னால் உரக்கப் படிக்கிறோம். அதே நாளில், அதே பெரியவர்கள் முன்னால், ஒரு பக்கத்தில் இந்தக் கணக்கையும் எழுதிப் படித்துவிடுங்கள்: எந்த வீட்டுக்கு எத்தனை இலை, மண்டபத்தில் யார் பங்கு எவ்வளவு, யார் கேட்டது எது, வால் செலவுக்கு யாரிடம் பணம். இரண்டு பிரதி எடுத்து ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்ணின் அண்ணன் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பத்து வருடம் கழித்து வீட்டைப் பாகம் பிரிக்கும்போது, ‘உன் கல்யாணத்துக்குத்தான் அவ்வளவு செலவு செஞ்சோமே’ என்று சொல்லித் தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தை நீட்டாதீர்கள். அந்த விருந்தை ஊர் சாப்பிட்டது. தங்கையின் பங்கு இன்னும் பாக்கி இருக்கிறது.